ஒரே குரல், இரண்டு பட்டியல்: இசை வகைமை யாரைக் குறிக்கிறது?

1927இல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தைச் சேர்ந்த ஆஸ்டின் ஆலன், லீ ஆலன் என்ற அண்ணன் தம்பி இருவர் கொலம்பியா நிறுவனத்துக்குச் சில பாட்டுகளைப் பாடிப் பதிவு செய்தார்கள். ஒரு பாஞ்சோ, ஒரு கிட்டார், ஊதும் கஸூ ஒன்று, இரண்டு குரல்கள். அவர்களுடைய முதல் இசைத்தட்டு கொலம்பியாவின் 15000 வரிசையில் வெளிவந்தது. அடுத்த தட்டு 14000 வரிசையில் வந்தது. வாத்தியங்கள் மாறவில்லை, குரல்கள் மாறவில்லை, இரண்டு தட்டிலும் இருந்தது புளூஸ் பாட்டுதான். ஆனால் வரிசை எண் மாறியதைப் பார்த்ததும் சகோதரர்கள் கொதித்துப்போனார்கள். வழக்குப் போடுவோம் என்று மிரட்டினார்கள். கடைசியில் கொலம்பியாவை விட்டே விலகி விக்டர் நிறுவனத்துக்குப் போய்விட்டார்கள்.

ஓர் எண்ணுக்கு ஏன் இவ்வளவு கோபம்? 14000 என்று தொடங்கும் தட்டுகள் கறுப்பின மக்களுக்கு விற்பதற்காக அச்சிடப்பட்டவை. 'ரேஸ் ரெக்கார்ட்ஸ்' என்று அவற்றை அழைத்தார்கள். 15000 வரிசை தென் மாநில வெள்ளையர்களுக்கு. ஆலன் சகோதரர்கள் வெள்ளையர்கள். அப்போது அவர்கள் மேடை நிகழ்ச்சிகளில் வாய்ப்புத் தேடிக்கொண்டிருந்தார்கள். நேரில் பார்த்திராத ஆட்கள் தங்களைக் கறுப்பர்கள் என்று நினைத்துவிட்டால் வாய்ப்பு போய்விடும் என்ற பயம்தான் காரணம் என்று லீ ஆலன் பிற்காலத்தில் சொன்னார்.

வெகுஜன இசை ஆய்வில் வகைமை என்ற சொல்லை எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்று விளக்க இதைவிடப் பொருத்தமான தொடக்கம் எனக்குத் தெரியவில்லை. வகைமை, அதாவது ஜானர், என்றவுடன் நமக்கு ஒலிதான் நினைவுக்கு வருகிறது. இந்தத் தாளம், இந்த வாத்தியம், இந்த மாதிரிப் பாடும் முறை இருந்தால் இது ராக், அது புளூஸ், மற்றது கன்ட்ரி. அப்படியென்றால் ஆலன் சகோதரர்களின் இரண்டு தட்டுகளும் ஒரே வரிசையில் வந்திருக்க வேண்டும். அவர்களுக்குக் கோபம் வந்திருக்கவும் காரணம் இல்லை. பாட்டைப் பற்றிய விவரமாக அந்த எண்ணை யாருமே படிக்கவில்லை. இந்தப் பாட்டு எந்த மனிதர்களுடையது, எந்த மனிதர்களுக்கானது என்றுதான் எல்லோரும் படித்தார்கள்.

இத்தாலிய ஆய்வாளர் ஃபிராங்கோ ஃபாப்ரி 1980களின் தொடக்கத்தில் இதை ஒரு கோட்பாடாக எழுதினார். ஒரு வகைமை என்பது, ஒரு சமூகம் ஏற்றுக்கொண்ட விதிகளின்படி நடக்கும் இசை நிகழ்வுகளின் தொகுப்பு என்பது அவருடைய வரையறையின் சாரம். அந்த விதிகளை ஐந்து வகையாகப் பிரித்தார். ஒலியும் வடிவமும் சார்ந்த விதிகள் அதில் ஒரு வகைதான். மற்றவை, பாட்டு எதைக் குறிக்கிறது, பாடுபவரும் கேட்பவரும் எப்படி நடந்துகொள்ள வேண்டும், அது எந்தச் சமூகக் குழுவோடும் கருத்தோடும் சேர்ந்தது, பணமும் உரிமையும் எப்படிக் கைமாறுகின்றன என்பவை. இந்த ஐந்தில் எது முக்கியம் என்பது வகைமைக்கு வகைமை மாறும். அமெரிக்காவின் கதையில் நான்காவது, அதாவது யாருடைய இசை என்ற விதி, ஒலி சார்ந்த விதியைப் பல தடவை தூக்கி அடித்திருக்கிறது.

அந்த இரண்டு வரிசைகளும் எப்படிப் பிறந்தன என்று பார்க்கலாம். 1920 ஆகஸ்டில் மாமி ஸ்மித் என்ற கறுப்பினப் பாடகி ஓகே என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்காக 'கிரேஸி புளூஸ்' பாட்டைப் பதிவு செய்தார். கறுப்பின மக்கள் காசு கொடுத்துத் தட்டு வாங்குவார்கள் என்பதை அந்தப் பாட்டின் விற்பனை நிறுவனங்களுக்குக் காட்டிக்கொடுத்தது. உடனே ஓகே அவர்களுக்கென்று தனி வரிசை தொடங்கியது. பாரமவுன்ட், கொலம்பியா எல்லாம் பின்தொடர்ந்தன. 1923இல் அதே ஓகேவின் ரால்ஃப் பியர் அட்லான்டாவுக்குப் போய் ஃபிட்லின் ஜான் கார்சன் என்ற வெள்ளையர் ஒருவரின் பிடிலையும் பாட்டையும் பதிவு செய்தார். அதுவும் விற்றது. அப்புறம் தென் மாநில வெள்ளையர்களுக்கென்று இன்னொரு வரிசை வந்தது. 'ஓல்ட் டைம்', 'ஓல்ட் ஃபெமிலியர் ட்யூன்ஸ்', 'ஹில்பில்லி' என்று அதற்குப் பல பெயர்கள். இன்று கன்ட்ரி என்று சொல்வது அதன் தொடர்ச்சிதான்.

இரண்டு வரிசைகளுமே வாங்குபவரை வைத்துத் தொடங்கியவை என்பதைக் கவனியுங்கள். எந்தத் தட்டை எந்தப் பகுதிக் கடைக்கு அனுப்புவது, எந்தப் பத்திரிகையில் விளம்பரம் கொடுப்பது என்பதைத் தீர்மானிக்கச் செய்த ஏற்பாடு அது. இசையை ஆராய்ந்து பிரித்த பிரிவு அல்ல.

ஆனால் விற்பனைக்காகப் போட்ட கோடு சீக்கிரமே பதிவு அறைக்குள் நுழைந்துவிட்டது. வரலாற்றாய்வாளர் கார்ல் ஹேக்ஸ்ட்ராம் மில்லர் விரிவாக எழுதியிருப்பது இதைத்தான். அன்றைய தென் மாநிலக் கலைஞர்கள் கறுப்பரானாலும் வெள்ளையரானாலும் எல்லாவற்றையும் வாசித்தார்கள். புளூஸ், பிடில் நடனப் பாட்டு, வால்ட்ஸ், நகரத்திலிருந்து வந்த பிரபலப் பாட்டு, தேவாலயப் பாட்டு என்று கேட்பவர் விரும்பியதை வாசித்தால்தான் பிழைப்பு. பதிவு செய்ய வந்த நிறுவனக்காரர்களோ கறுப்பினக் கலைஞரிடம் புளூஸ் கேட்டார்கள், வெள்ளையரிடம் பிடிலும் பழைய பாட்டும் கேட்டார்கள். மற்றதெல்லாம் பெரும்பாலும் பதிவாகாமலே போனது. நூறு ஆண்டு கழித்து அந்தத் தட்டுகளைக் கேட்கும் நமக்கு, கறுப்பர் இசையும் வெள்ளையர் இசையும் பிறப்பிலேயே வேறுவேறு ஒலிகள் என்று தோன்றுகிறது. கோடு போட்டவர்கள் எதைப் பதிவு செய்தார்களோ அதைத்தான் நாம் கேட்கிறோம். எனக்கு இந்த இடம்தான் எப்போதும் உறுத்துகிறது. ஒலி வேறுபாட்டுக்குச் சான்றாக நாம் எடுத்துவைக்கும் தட்டுகளே அந்தப் பிரிவினையின் விளைவு.

கோட்டைத் தாண்டியவர்களின் தடயங்களும் இருக்கின்றன. மிஸிஸிப்பி ஷீக்ஸ் என்ற கறுப்பினக் குழு வெள்ளையர்களின் நடன விருந்துகளில் பிடில் வாசித்தது. கன்ட்ரி இசையின் தந்தை என்று சொல்லப்படும் ஜிம்மி ராட்ஜர்ஸ் 1930இல் ஹாலிவுட்டில் பதிவு செய்த 'புளூ யோடல்' ஒன்றில் டிரம்பெட் வாசித்தவர் கறுப்பின ஜாஸ் கலைஞர் லூயி ஆர்ம்ஸ்ட்ராங், பியானோ அவர் மனைவி லில் ஹார்டின். கார்ட்டர் குடும்பம் என்ற வெள்ளையர் கன்ட்ரி குழுவின் ஏ. பி. கார்ட்டர் பாட்டுத் தேடி ஊர் ஊராக அலைந்தபோது கூடவே போனவர் லெஸ்லி ரிடில் என்ற கறுப்பினக் கிட்டார் கலைஞர். கன்ட்ரி இசையின் புகழ்பெற்ற வானொலி மேடையான கிராண்ட் ஓல் ஆப்ரியில் 1920களிலேயே டீஃபோர்ட் பெய்லி என்ற கறுப்பினக் கலைஞர் ஹார்மோனிகா வாசித்தார். ஒலி இரண்டு பக்கமும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. பெயர்ப் பலகை மட்டும் ஓடவில்லை.

சரி, வகைமை என்பது ஆட்களைக் குறிக்கிறது என்று எப்படி உறுதிப்படுத்துவது? எளிதான ஒரு சோதனை உண்டு. ஒலியை அப்படியே வைத்துக்கொண்டு பாடுபவரையோ கேட்பவரையோ மாற்றிப் பாருங்கள். பெயர் மாறுகிறதா? பிறகு ஆட்களை வைத்துக்கொண்டு ஒலியை மாற்றிப் பாருங்கள். பெயர் நிற்கிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் அந்த வகைமையில் சமூகம்தான் கனமான பக்கம். அமெரிக்க இசைத் தொழில் பத்திரிகையான பில்போர்ட்டின் தரவரிசைப் பட்டியல்கள் இந்தச் சோதனையை எண்பது ஆண்டாகத் தன்னையறியாமல் நடத்திவந்திருக்கின்றன.

1942 அக்டோபரில் பில்போர்ட் 'ஹார்லெம் ஹிட் பரேட்' என்ற பட்டியலை வெளியிடத் தொடங்கியது. அதில் எந்த ஒலிக்கும் தகுதி வரையறை இல்லை. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் உள்ள சில இசைத்தட்டுக் கடைகளில் எது அதிகம் விற்றது என்று கேட்டு எழுதினார்கள், அவ்வளவுதான். அதனால் அந்த ஆண்டு முடிவதற்குள் பிங் கிராஸ்பியின் 'ஒயிட் கிறிஸ்துமஸ்' அந்தப் பட்டியலின் முதலிடத்துக்கு வந்தது. கறுப்பின மக்கள் வாங்கினார்கள், பட்டியல் எழுதிக்கொண்டது. 1944இல் இன்னொரு பட்டியல் வந்தது. காசு போட்டால் பாட்டு ஒலிக்கும் ஜூக்பாக்ஸ் இயந்திரங்களில் அதிகம் ஒலித்த நாட்டார் பாட்டுகளுக்கானது, இன்றைய கன்ட்ரி பட்டியலின் முன்னோடி. அந்த ஆண்டே நாட் கிங் கோல் குழுவின் 'ஸ்ட்ரெய்ட்டன் அப் அண்ட் ஃப்ளை ரைட்' ஹார்லெம் பட்டியலிலும் முதலிடம், நாட்டார் பட்டியலிலும் முதலிடம். லூயி ஜோர்டனின் 'ரேஷன் புளூஸ்' பாட்டுக்கும் அதுவே நடந்தது. கறுப்பின ஸ்விங் இசைக்கலைஞர்கள் கன்ட்ரி பட்டியலின் உச்சியில்! அந்த ஜூக்பாக்ஸ்களில் காசு போட்டவர்களுக்கு அந்தப் பாட்டுகள் பிடித்திருந்தன என்பதைத் தவிர இதில் வேறு புதிர் இல்லை.

பட்டியலின் பெயர்கள் மாறிய விதமும் நிறையச் சொல்கிறது. ஹார்லெம் பட்டியல் 1945இல் 'ரேஸ்' என்று ஆனது. 1949இல் அங்கே பணிபுரிந்த ஜெரி வெக்ஸ்லர் சொன்ன 'ரிதம் அண்ட் புளூஸ்' வந்தது. 1969இல் 'சோல்'. 1982இல் 'பிளாக் சிங்கிள்ஸ்'. 1990இல் மறுபடி ரிதம் அண்ட் புளூஸ், சுருக்கமாக ஆர் அண்ட் பி. ஒரே தொடர்ச்சியான பட்டியல்தான். நாற்பதுகளின் ஸ்விங்குக்கும் எண்பதுகளின் மின்னணு ஃபங்க்குக்கும் ஒலியில் பொதுவாக எதைச் சொல்வது? தொடர்ந்து இருந்தது கேட்கும் மக்கள் கூட்டம். 1982 முதல் எட்டு ஆண்டு பட்டியலின் பெயரே அதை மறைக்காமல் சொன்னது. அந்தக் காலத்தில்தான் மைக்கேல் ஜாக்சனின் 'பீட் இட்' அங்கே முதலிடம் பிடித்தது. எடி வான் ஹேலனின் மின்கிட்டார் தனி ஆவர்த்தனம் கொண்ட, ஒலியில் ஒரு ராக் பாட்டு. ஆள் நின்றார், ஒலி மாறியது, பெயர் நின்றது.

இடையில் ஒரு விசித்திரமும் நடந்தது. 1963 நவம்பர் கடைசியிலிருந்து 1965 ஜனவரி வரை பில்போர்ட் ஆர் அண்ட் பி பட்டியலையே நிறுத்திவிட்டது. எல்லா வகைப் பாட்டுகளையும் சேர்த்து எண்ணும் பொதுப் பட்டியலும் அதுவும் ஒன்றுபோல ஆகிவந்த காலம் அது. லெஸ்லி கோர் போன்ற வெள்ளை இளம் பாடகிகள்கூட 1963இல் ஆர் அண்ட் பி முதலிடத்தில் இருந்தார்கள். ஆனாலும் பதினான்கு மாதத்தில் பட்டியல் திரும்பி வந்தது. ஒலி வேறுபாடு மட்டுமே காரணம் என்றால் திரும்பி வந்திருக்க வேண்டியதில்லை. தனிக் கடைகள், தனி வானொலிகள், தனிக் கேட்போர் என்ற அமைப்பு அப்படியே இருந்தது. அந்த அமைப்புக்கு ஒரு பட்டியல் தேவைப்பட்டது.

இங்கிருந்து 2012க்குத் தாவுகிறேன், ஏனென்றால் விவகாரத்தின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது. அதுவரை வகைமைப் பட்டியல்கள் பெரும்பாலும் குறிப்பிட்ட கேட்போரை அளந்தன. கன்ட்ரி பட்டியல் 1990 முதல் கன்ட்ரி வானொலி நிலையங்களின் ஒலிபரப்பை மட்டும் எண்ணியது. 2012 அக்டோபரில் பில்போர்ட் விதியை மாற்றியது. இனி எல்லா வகை வானொலிகளின் ஒலிபரப்பும், எல்லோருடைய டிஜிட்டல் வாங்கலும், ஸ்ட்ரீமிங்கும் கணக்கில் வரும். மாற்றம் நடந்த வாரமே டெய்லர் ஸ்விஃப்டின் 'வி ஆர் நெவர் எவர் கெட்டிங் பேக் டுகெதர்' கன்ட்ரி பட்டியலில் முதலிடத்துக்குப் பாய்ந்தது. கன்ட்ரி வானொலிகள் அதை அந்த அளவுக்குப் போடவில்லை. பாப் வானொலிகளின் கேட்போர் அதை மேலே தள்ளினார்கள்.

இந்த மாற்றத்தின் ஆழமான விளைவு வேறு. முன்பு ஒரு பாட்டு கன்ட்ரியா இல்லையா என்று பில்போர்ட் பெரும்பாலும் முடிவு செய்ய வேண்டியிருக்கவில்லை. கன்ட்ரி நிலையங்கள் போட்டால் எண்ணினார்கள், போடாவிட்டால் இல்லை. கேட்போரை எடுத்துவிட்டபிறகு அந்த முடிவை யாராவது எடுத்துத்தானே ஆகவேண்டும்? பட்டியல் தயாரிப்பவர்களின் மேசைக்கு அது வந்து சேர்ந்தது. சமூகத்தை அளந்த கருவி, பாட்டைச் சோதிக்கும் கருவியாக மாறியது. ஆனால் சோதிப்பதற்கான அளவுகோல் எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை.

2018 டிசம்பரில் லில் நாஸ் எக்ஸ் என்ற இளம் கறுப்பினக் கலைஞர் 'ஓல்ட் டவுன் ரோட்' பாட்டை இணையத்தில் வெளியிட்டார். யங்கியோ என்ற டச்சுக்காரர் செய்த இசைத்துண்டை 30 டாலருக்கு வாங்கி, அதன் மேல் பாடியது. அந்தத் துண்டுக்குள் நைன் இன்ச் நெயில்ஸ் என்ற ராக் குழுவின் பாஞ்சோ ஒலி. கீழே ஹிப் ஹாப்பின் டிராப் தாளம், மேலே குதிரையும் தொப்பியும் பேசும் வரிகள். வெளியிடும்போது வகைமைக் கட்டத்தில் கன்ட்ரி என்று அவர் குறித்திருந்தார். 2019 மார்ச்சில் அது ஒரே வாரத்தில் மூன்று பட்டியல்களில் நுழைந்தது. பொதுப் பட்டியலில் 83, கன்ட்ரியில் 19, ஆர் அண்ட் பி ஹிப் ஹாப்பில் 36.

பிறகு பில்போர்ட் கன்ட்ரி பட்டியலிலிருந்து மட்டும் அதை எடுத்துவிட்டது. இன்றைய கன்ட்ரி இசையின் கூறுகள் அதில் போதுமான அளவு இல்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். பாடகரின் இனத்துக்கும் இதற்கும் தொடர்பு இல்லை என்றும் சொன்னார்கள். அவர்கள் மனதில் என்ன இருந்தது என்று நான் ஊகிக்கப் போவதில்லை, அது தேவையும் இல்லை. சோதனையை நடத்திப் பார்த்தாலே போதும். ஃபிளாரிடா ஜார்ஜியா லைன் என்ற வெள்ளையர் இருவர் குழு, பாப் பாடகி பீபி ரெக்ஸாவோடு பாடிய 'மென்ட் டு பி' அதற்கு முன்புதான் கன்ட்ரி பட்டியலில் 50 வாரம் முதலிடத்தில் இருந்தது. பியானோவும் மின்னணுத் தாளமும் கொண்ட பாப் பாட்டு அது. அதே குழுவின் 'குரூஸ்' பாட்டு ராப் பாடகர் நெல்லியோடு சேர்ந்த வடிவத்தின் பலத்தில் கன்ட்ரி உச்சியில் பல வாரம் நின்றது. ஆகவே மின்னணுத் தாளமோ ராப்போ தடை அல்ல. அந்தக் குழு கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லின் தொழிலுக்குள் இருந்து வந்தது. அதன் நிறுவனம், மேலாளர், வானொலி உறவு எல்லாம் அங்கே இருந்தன. லில் நாஸ் எக்ஸ் இணையத்திலிருந்து வந்தார். கன்ட்ரி சமூகத்தில் அவருக்காகச் சாட்சி சொல்ல ஆள் இல்லை.

ஏப்ரல் தொடக்கத்தில் கன்ட்ரிப் பாடகர் பில்லி ரே சைரஸ் சேர்ந்து பாடிய வடிவம் வந்தது. சாட்சி கிடைத்துவிட்டது. பாட்டு பொதுப் பட்டியலில் 19 வாரம் முதலிடத்தில் நின்று சாதனை படைத்தது. கன்ட்ரி பட்டியலுக்கு மட்டும் திரும்பவில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு ஒலி ஒரு பொருட்டே அல்ல என்று யாராவது முடிவு கட்டினால் அது தவறு. பாஞ்சோவும் தொப்பியும் இல்லாமல் லில் நாஸ் எக்ஸ் கன்ட்ரி என்று உரிமை கோரியிருக்கவே முடியாது. ஒரு சமூகம் தன்னைத் தானே அடையாளம் காண ஒலிகளைப் பயன்படுத்துகிறது. வகைமைகளின் உறவை ஆராய்ந்த டேவிட் பிராக்கெட் போன்றவர்களின் வேலையிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இதுதான்: ஒலிக்கும் ஆட்களுக்கும் உள்ள பிணைப்பு நிலையானது அல்ல, திரும்பத் திரும்பச் சொல்லிச் சொல்லியே அது உறுதிப்படுகிறது. இன்னொரு எல்லையும் உண்டு. கறுப்பு வெள்ளைக் கோடு அமெரிக்கப் பதிவுத் தொழிலின் சொந்தக் கதை. வேறு இசைகளில் அதன் இடத்தில் வயதோ வர்க்கமோ பாலினமோ மொழியோ இருக்கலாம். எது இருக்கிறது என்று ஒவ்வொரு தடவையும் தேடித்தான் பார்க்க வேண்டும்.

மேலும், வகைமையை மேலிருந்து திணித்த வேலியாக மட்டும் பார்த்தாலும் பாதிதான் கிடைக்கும். ரேஸ் என்ற சொல்லை அன்றைய கறுப்பினப் பத்திரிகைகள் தங்கள் மக்களைக் குறிக்கப் பெருமிதத்தோடு பயன்படுத்தின. அந்தத் தனி வரிசை இல்லாவிட்டால் எத்தனையோ புளூஸ் பாடகர்களின் குரல் பதிவாகியே இருக்காது. தனிப் பட்டியல் இருந்ததால்தான் பொதுப் பட்டியல் கண்டுகொள்ளாத பாட்டுகளுக்கு ஒரு முதலிடம் கிடைத்தது. அதே கோடு ஒருவரை அடைத்தும் வைத்தது, ஒருவருக்கு இடமும் கொடுத்தது.

கன்ட்ரி என்று ஒற்றையாகச் சொல்கிறோமே தவிர, அந்தச் சமூகத்துக்குள்ளும் ஒரே தீர்ப்பு இல்லை. 2019இல் பில்போர்ட் 'ஓல்ட் டவுன் ரோட்' பாட்டை விலக்கியது. கன்ட்ரி வானொலி நிலையங்கள் அதை அரிதாகவே போட்டன. அந்த நிலையங்களின் ஒலிபரப்பை மட்டும் எண்ணும் இன்னொரு கன்ட்ரி பட்டியலில் அது ஐம்பதாம் இடத்தைத் தாண்டவில்லை. அதே ஆண்டு நவம்பரில் நாஷ்வில்லில், தொழில்துறையினர் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் கன்ட்ரி மியூசிக் அசோசியேஷன் விருதுகள் வழங்கப்பட்டபோது, ஆண்டின் சிறந்த கூட்டு இசை நிகழ்வு என்ற விருது லில் நாஸ் எக்ஸுக்கும் பில்லி ரே சைரஸுக்கும் போனது.